ஒரே எச்சரிக்கை: ஆறு சொல்லில், பன்னிரண்டு சொல்லில், முழு வாக்கியத்தில்

பலகைக்காரன்_பாம்பன்

படகுத்துறைப் பலகையில் எழுத ஆறு சொல், போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பப் பன்னிரண்டு சொல், சங்கத்துச் சுவரில் ஒட்ட ஒரு முழு வாக்கியம் என்று ஒரே சேதியை மூன்று அளவில் எழுத வேண்டியிருக்கிறது. எல்லாம் கச்சான் காற்று எச்சரிக்கைதான். முதலில் வாக்கியத்தை எழுதி, அதிலிருந்து வெட்டி வெட்டி இறக்கினேன்.

முழு வாக்கியம்: "வியாழக்கிழமை காலை 6 மணியிலிருந்து சனிக்கிழமை மாலை 6 மணி வரை மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும் என்பதால், தென்கடலில் தொழில் செய்யும் விசைப்படகு, நாட்டுப்படகு எதுவும் கடலுக்குப் போக வேண்டாம்; ஏற்கெனவே போயிருப்பவர்கள் புதன்கிழமை இரவுக்குள் கரை திரும்பிவிட வேண்டும்."

பன்னிரண்டு: "தென்கடலுக்குப் போகாதீர்கள், வியாழன் காலைமுதல் சனி மாலைவரை 55 கிலோமீட்டர் காற்று, போனவர்கள் புதனிரவுக்குள் திரும்புங்கள்."

ஆறு: "மன்னார் வளைகுடா காற்று படகுகள் செல்ல தடை."

ஆறில்தான் இடிக்கிறது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது, படித்தால் சேதி நிற்கவில்லை. எங்கே தப்பு?

ஆறுக்குள்_கதை

ஆறு சொல் கதைப் போட்டியா? என்னுடையது: "வலை வந்தது. படகு வந்தது. அவன்?" ஐந்துதான் ஆகிறது, இன்னொன்று யோசித்துப் போடுகிறேன்.

பலகைக்காரன்_பாம்பன்

போட்டி இல்லைங்க, அறிவிப்புப் பலகை. ஆனால் அந்த "அவன்?" பலகைக்கு வராமல் இருக்கத்தான் இவ்வளவும்.

ஒற்றெழுத்து

தம்பி, நீங்கள் வெட்டியது இங்கிலீஷ்காரன் தந்திக்கு வெட்டும் முறை. அவன் மொழியில் இடத்தையும் திசையையும் காட்டும் சின்னச் சொற்கள் தனித்தனியாக நிற்கும். அவற்றைத் தூக்கினால் எண்ணிக்கை குறையும், பொருள் பெரும்பாலும் தப்பிவிடும். தமிழில் அந்த வேலையை "இல்", "கு", "இலிருந்து" எல்லாம் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு பார்க்கின்றன. "வளைகுடாவில்" என்பதை "வளைகுடா" ஆக்கினால் ஒரு சொல்கூட மிச்சமாகவில்லை, உறவு மட்டும் அறுந்துபோகிறது. இப்போது "மன்னார் வளைகுடா காற்று" என்றால் சோழகம், வாடை மாதிரி அது ஏதோ ஒரு காற்றின் பெயர் போலத் தெரிகிறது.

தமிழில் சுருக்க வேண்டுமென்றால் வேற்றுமை உருபைத் தொடக்கூடாது. ஒரு தகவலை அப்படியே முழுசாகத் தூக்க வேண்டும். எதைத் தூக்குவது என்று முடிவு செய்வதுதான் வேலை.

உங்கள் ஆறில் நாள் இல்லை. எப்போது என்று தெரியாத எச்சரிக்கையை எவனும் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டான். அடுத்தது "தடை" என்ற சொல். இந்தக் கரையில் தடை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கச்சான் காலத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் "இது என்ன புதுத் தடை, யார் போட்டது?" என்ற பேச்சுதான் கிளம்பும், காற்றை மறந்துவிடுவார்கள். "போகாதீர்கள்" என்று எழுதினால் ஒரே சொல்லில் ஆளும் வருகிறது, மறுப்பும் வருகிறது.

இப்படிப் பாருங்கள்: "வியாழன் முதல் தென்கடலுக்குப் போகாதீர்கள், பலத்த காற்று." ஆறு சொல். "மன்னார் வளைகுடா" என்ற இரண்டை உங்கள் ஊர் ஆள் சொல்லும் "தென்கடல்" என்ற ஒன்றாக்கியதில்தான் "முதல்" என்ற சொல்லுக்கு இடம் கிடைத்தது.

மூக்கையூர்_கரை

தென்கடல், வடகடல் என்பது பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் சரி, ரெண்டு பக்கமும் கடல் கிடக்கிறது. எங்கள் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி எல்லாம் ஒரே கடல்தான். இங்கே "தென்கடல்" என்று எழுதினால் எந்தக் கடலைச் சொல்கிறான் என்பார்கள். இதே சேதி எங்களுக்கு வந்தால் "கடலுக்கு" என்றே போதும்.

ஒற்றெழுத்து

சரியாகச் சொன்னீங்க. ஆறு சொல் ஒரு துறைக்குத்தான் பொருந்தும். துறை மாறினால் திரும்ப எழுத வேண்டும். முழு வாக்கியத்தில் "மன்னார் வளைகுடா" என்று எழுதுவதால் அது எங்கே ஒட்டினாலும் செல்லும்.

சீர்பிரிப்பவன்

ஆறு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டா? வள்ளுவர் ஒவ்வொரு குறளையும் ஏழே சொல்லில் முடித்திருக்கிறார். காலைமுதல், மாலைவரை என்று சேர்த்து எழுதினால் நமக்கும் எவ்வளவோ அடங்கும். பலகைக்காரர் பன்னிரண்டில் செய்திருப்பது சரிதான்.

ஒற்றெழுத்து

ஏழு என்பது சரி, சொல் என்பது சரியில்லை. அது ஏழு சீர். சீர் ஓசையின் அளவு, சொல்லின் அளவு அல்ல. 391ஆம் குறளில் "கசடறக்" என்பது ஒரு சீர், உள்ளே கசடு, அற என்று இரண்டு சொல் இருக்கிறது. யாப்பில் அது கணக்கு. பலகை படிப்பவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

சேர்த்து எழுதுவதில் நீங்கள் சொல்வது பாதி சரி. "போகாதீர்கள்" இயல்பாகவே ஒரு சொல், யாரும் அதைப் பிரிக்க முடியாது. "புதனன்று" என்று சேர்த்தே எழுதிப் பழக்கம். "மாலைவரை", "புதனிரவுக்குள்" எல்லாம் எண்ணிக்கைக்காக ஒட்டியவை. ஒட்டியதால் படிக்கும் நேரம் குறைவதில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இடைவெளி இல்லாத நீளச் சொல் இன்னும் கஷ்டம். அந்தப் பன்னிரண்டில் காலைமுதல், மாலைவரை, புதனிரவுக்குள் மூன்றையும் பிரித்தால் பதினைந்து ஆகிவிடும்.

சீர்பிரிப்பவன்

"போகவேண்டாம்" என்பதைப் பலர் சேர்த்தே எழுதுகிறார்கள். அது ஒன்றா, இரண்டா?

ஒற்றெழுத்து

நான் இரண்டு என்று எண்ணுவேன். பத்திரிகைகளில் இரண்டு விதமாகவும் வருகிறது. அதனால்தான் அந்த வழக்கே வராதபடி "போகாதீர்கள்" என்று எழுதச் சொல்கிறேன்.

மதர்போர்டு_மணி

குறுஞ்செய்தி என்றால் சொல் கணக்கு வேலைக்காகாது, எழுத்துக் கணக்குதான். இங்கிலீஷில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் ஒன்று கலந்தாலே அது 70 ஆகிவிடும். நீளம் போனால் துண்டு துண்டாகப் போகும், ஒவ்வொரு துண்டிலும் 67தான். தமிழில் "கு" கண்ணுக்கு ஒரு எழுத்து, போனுக்கு இரண்டு: க ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளியும் ஒன்றாக எண்ணப்படும்.

ஒற்றெழுத்து ஐயா எழுதிய ஆறு சொல்லை எண்ணினேன். இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 55. ஒரே செய்தியில் போய்விடும். "தென்கடலுக்குப்" மட்டுமே 14 தின்கிறது.

பலகைக்காரரின் முழு வாக்கியத்தை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும் பாருங்கள். முதல் துண்டில் கிழமையும் மணியும் "மன்னார்" என்ற சொல்லும்தான் இருக்கும். காற்று என்ற சொல்லே அதில் வராது. துண்டுகளைச் சேர்த்துக் காட்டாத பழைய பட்டன் போனில் அவை தனித்தனியாக விழும், சிக்னல் மங்கலாக இருந்தால் முன்னே பின்னேயும் வரும்.

பலகைக்காரன்_பாம்பன்

அப்போ பன்னிரண்டை ஒட்டு வேலை இல்லாமல் இப்படி மாற்றினேன், எண்ணிப் பாருங்கள்:

"தென்கடலுக்குப் போகாதீர்கள், வியாழன் முதல் சனி வரை பலத்த காற்று, போனவர்கள் புதனன்றே கரை திரும்புங்கள்."

மதர்போர்டு_மணி

101. ரெண்டு துண்டு. 67இல் வெட்டினால் முதல் துண்டு இப்படி முடியும்: "தென்கடலுக்குப் போகாதீர்கள், வியாழன் முதல் சனி வரை பலத்த காற்று, போன". இரண்டாவது தாமதமாக வந்தாலும் முதலாவது தன்னளவில் முழுச் சேதி. வாலில் ஒரு "போன" தொங்குகிறது, பரவாயில்லை, பின்னால் ஏதோ இருக்கிறது என்றாவது தெரியும்.

இதையே வழக்கமான வரிசையில் காற்று முதலில், போகாதீர்கள் கடைசியில் என்று வைத்திருந்தால் முதல் துண்டில் காற்று அடிக்கும் என்பது மட்டும் இருக்கும். காற்று அடிக்கும் என்று சொல்லி இந்தக் கரையில் யாரை நிறுத்த முடியும்?

குழாய்_ஸ்பீக்கர்

நீங்கள் மூன்று அளவு சொல்கிறீர்கள், ஆட்டோவில் கட்டிக்கொண்டு போய்ச் சொல்வதை விட்டுவிட்டீர்கள். அங்கே தமிழின் வினைமுற்று பெரிய ஆபத்து. "கடலுக்குப் போக..." வரைக்கும் "போகலாம்", "போக வேண்டாம்" ரெண்டும் ஒன்றுதான். வேறுபாடு முழுவதும் கடைசியில். ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும், எதிர்க்காற்றில் வாக்கியத்தின் வால்தான் முதலில் கரையும்.

அதனால் மறுப்பை முன்னால் கொண்டுவந்து பேச்சுத் தமிழிலேயே சொல்ல வேண்டும்: "போகாதீங்க, தென்கடலுக்குப் போகாதீங்க. வியாழக்கிழமையிலேர்ந்து பலத்த காத்து." "போகாதீங்க" என்பதில் மறுப்பு சொல்லின் நடுவில், "கா"வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, கடைசி எழுத்து போனாலும் தப்பிக்கும். முழு வாக்கியத்தை மைக்கில் படிக்கவே கூடாது. 40 சொல் வருகிறது அதில். கேட்பவன் காதுக்கு முதல் பாதி எட்டும்போது ஆட்டோ அடுத்த தெருவில் இருக்கும்.

பலகைக்காரன்_பாம்பன்

முழு வாக்கியம் சுவரில் ஒட்ட மட்டும்தான் அண்ணே. நின்று படிப்பார்கள்.

ஒற்றெழுத்து

நின்று படிப்பார்கள் என்பதால் வாக்கியத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பலகையைப் பார்த்தவன் கேட்கும் கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டும்: எத்தனை மணியிலிருந்து, எந்தப் படகுக்கு, நடுக்கடலில் இருப்பவன் என்ன செய்வது. உங்கள் வாக்கியத்தில் இவை மூன்றும் இருக்கின்றன. இரண்டு ஓட்டையும் இருக்கிறது.

"தென்கடலில் தொழில் செய்யும் விசைப்படகு, நாட்டுப்படகு எதுவும்" என்கிறீர்கள். "தொழில் செய்யும்" என்பது விசைப்படகோடு நின்றுவிடுகிறதா, நாட்டுப்படகுக்கும் சேர்ந்ததா? வடகடலில் வலை விடும் நாட்டுப்படகுக்காரர் "எல்லா நாட்டுப்படகையும் நிறுத்திவிட்டான்" என்று படிக்கலாம். இன்னொருவர் "நான் எப்போதும் தென்கடல் போவதில்லை, இன்று ஒரு நாள்தான், எனக்கு இது இல்லை" என்றும் படிக்கலாம். பெயரெச்சத்தை எடுத்துவிட்டு, "விசைப்படகோ நாட்டுப்படகோ எதுவும் தென்கடலுக்குப் போக வேண்டாம்" என்று எழுதுங்கள். இப்போது தென்கடல் படகைச் சேர்ந்தது அல்ல, போவதைச் சேர்ந்தது.

இரண்டாவது, "புதன்கிழமை இரவுக்குள்". இரவு 2 மணிக்குக் கரை வருபவன் அதைப் புதன் இரவு என்பான். காலண்டரில் அது வியாழன். காற்று வியாழன் காலை என்று சொல்லியிருக்கும்போது இந்த நான்கு ஐந்து மணி நேரம் விளையாட்டில்லை. "புதன்கிழமை இரவு 9 மணிக்குள்" என்று மணியைப் போடுங்கள். சுவர் நோட்டீஸில் அதற்கு இடம் இருக்கிறது, பலகையில் இல்லை. பலகையில் "புதனன்றே" என்று ஏகாரம் போட்டுச் சமாளிக்கலாம்.

சீர்பிரிப்பவன்

நடுவில் அரைப்புள்ளி போட்டு ரெண்டு வாக்கியத்தை ஒட்டியிருக்கிறாரே, அது எப்படி ஒரு வாக்கியம் ஆகும்? "போக வேண்டாம் என்றும், திரும்பிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடித்தால்தான் இலக்கணப்படி ஒன்று.

ஒற்றெழுத்து

இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் "என்றும், என்றும்" வந்துவிட்டால் கட்டளை இரண்டும் துணைவாக்கியம் ஆகி, முதன்மை வினை "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" ஆகிவிடும். யாரோ யாரையோ கேட்டுக்கொண்ட சேதியாகப் படிப்பான். எனக்கு அரைப்புள்ளியே போதும்.

சீர்பிரிப்பவன்

எனக்குப் போதாது. இருக்கட்டும்.

கருவாட்டுக்கடை_சாந்தி

நானும் கேட்கலாமா? நெத்திலிக் கருவாடு பாக்கெட் லேபிளுக்கு ஆறு சொல்லில் என்ன எழுதுவது? "சுத்தமான சுவையான தரமான ராமேஸ்வரம் நெத்திலிக் கருவாடு" என்று போட்டிருக்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒற்றெழுத்து

அம்மா, சுத்தமான, சுவையான, தரமான மூன்றும் ஒரு சேதிகூடச் சொல்லவில்லை, பாதி இடம் போய்விட்டது. கருவாடு வாங்குகிறவர் பயப்படுவது மண்ணுக்கு. நீங்கள் வலை விரித்தோ பரண் கட்டியோ காயப் போடுகிறவராக இருந்தால்: "நெத்திலிக் கருவாடு, மணலில் காயாதது, 250 கிராம்." ஆறு. மணலில் காயப் போட்டால் இதை எழுதாதீர்கள்.

கருவாட்டுக்கடை_சாந்தி

பரண்தான் சார். நன்றி.

பெயின்டர்_தங்கச்சிமடம்

பலகை எத்தனை அடி? அதைச் சொல்லாமல் ஆறு, எட்டு என்று பேசுவது வீண்.

பலகைக்காரன்_பாம்பன்

4 அடி அகலம், 3 அடி உயரம். கரும்பலகை, சாக்பீஸ்.

பெயின்டர்_தங்கச்சிமடம்

10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்று இங்கிலீஷ் போர்டுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். தமிழுக்கு நான் அதைவிடப் பெரிதாகவே போடுவேன். "ற்று", "ழ", "ள்" எல்லாம் சுழி அடைத்துக்கொண்டால் தூரத்தில் ஒரே கட்டியாகத் தெரியும். 30 அடியில் வண்டியில் போகிறவன் படிக்க 3 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மேலே புள்ளிக்கும் கொக்கிக்கும், கீழே உகர வாலுக்கும் சேர்த்து வரிக்கு 6 அங்குலம் விடுங்கள்.

அந்தக் கணக்கில் "தென்கடலுக்குப்" எட்டு எழுத்து, கிட்டத்தட்ட பலகையின் முழு அகலத்தையும் அதுவே பிடிக்கும். ஆக உங்கள் ஆறு சொல் நாலு வரி: வியாழன் முதல் / தென்கடலுக்குப் / போகாதீர்கள் / பலத்த காற்று. 36 அங்குல உயரத்தில் 24 போய்விட்டது. மிச்சத்தில் தேதி எழுதலாம். பன்னிரண்டு சொல்லை இந்தப் பலகையில் ஏற்ற நினைக்கவே வேண்டாம், எழுத்து ஒன்றரை அங்குலம் ஆகிவிடும், பக்கத்தில் வந்தால்தான் தெரியும்.

ஒரு சந்தேகம் ஐயா: வரி உடைந்த பிறகு "தென்கடலுக்குப்" என்பதில் அந்த "ப்" வேண்டுமா? சொல் தனியாக நிற்கும்போது தொங்கல் மாதிரி இருக்கிறது.

ஒற்றெழுத்து

படிக்கும்போது தொடர்ந்துதானே படிக்கிறார்கள், வேண்டும். என் பெயரைப் பார்த்துமா கேட்கிறீர்கள்?

தெற்குவாடி

கூண்டே ஏத்தலையே, அப்புறம் எதுக்குப் பலகை? பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால்தானே நாம் பார்க்க வேண்டும்.

மூக்கையூர்_கரை

கூண்டு புயல் சின்னம், தாழ்வு மண்டலம் இதுகளுக்கு. கச்சான் தூக்கி அடிப்பதற்கெல்லாம் பெரும்பாலும் கூண்டு ஏறாது. மீன்துறை டோக்கன் கொடுக்கவில்லை என்றாலே விசைப்படகுக்காரருக்குச் சேதி தெரிந்துவிடும், நாட்டுப்படகுக்குத்தான் பலகை.

தெற்குவாடி

சரி, இன்னொன்று. "தென்கடலுக்குப் போகாதீர்கள்" என்றால் வடகடலுக்குப் போகலாம் என்றுதானே அர்த்தம்? அப்படி எவனாவது சொன்னானா?

பலகைக்காரன்_பாம்பன்

எச்சரிக்கையில் வடகடல் பற்றி ஒன்றும் இல்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை.

ஒற்றெழுத்து

இது நல்ல கேள்வி. முழு வாக்கியத்தில் மன்னார் வளைகுடாவுக்கு வந்த எச்சரிக்கை இது என்பது தெளிவாக இருப்பதால், அடுத்த கடலைப் பற்றிப் பேசவில்லை என்று படிப்பவருக்குப் புரியும். ஆறு சொல்லில் அந்தச் சூழல் அறுந்துபோகிறது. ஒன்றைப் பெயர் சொல்லி வேண்டாம் என்றால் மற்றது ஆகும் என்ற தொனி தானாக வரும்.

மூக்கையூர்_கரை

அப்படியானால் "கடலுக்குப் போகாதீர்கள்" என்றே எழுதிவிட்டால் பாதுகாப்பு.

தெற்குவாடி

பாதுகாப்பு இல்லை அண்ணே. கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளித்தாலும் வடகடல் பல நாள் அடங்கித்தான் கிடக்கும். சும்மா நிறுத்தி வைத்தால் ரெண்டு தடவை கேட்பான், மூன்றாம் தடவை பலகையையே பார்க்க மாட்டான்.

ஒற்றெழுத்து

நானும் "தென்கடல்" பக்கம்தான். ஆனால் மூக்கையூர்க்காரர் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

பலகைக்காரன்_பாம்பன்

பலகையில் இன்னொரு சிக்கல். "வியாழன் முதல்" என்று எழுதிவிட்டு அடுத்த வாரமும் யாரும் அழிக்காமல் விட்டால் அது அடுத்த வியாழன் ஆகிவிடுகிறது. "நாளை" என்று எழுதினால் இன்னும் மோசம். அதனால் தேதியாகவே மாற்றினேன்: "12 முதல் 14 வரை தென்கடலுக்குப் போகாதீர்கள்." எண்களையும் சேர்த்து ஆறு. முடிவும் வந்துவிட்டது. ஆனால் காற்று போய்விட்டது.

குழாய்_ஸ்பீக்கர்

காரணம் இல்லாமல் எழுதினால் ராணுவப் பயிற்சியா, எல்லைப் பிரச்சினையா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காற்று என்று இருந்தால்தான் வலையை இழுத்துக் கட்டுவான், படகை மேலே ஏற்றுவான். காரணம் சொன்னால் செய்ய வேண்டிய வேலையும் சேர்ந்தே வருகிறது.

மதர்போர்டு_மணி

முடிவு நாள் இல்லாவிட்டால் மறுநாளே "இன்னும் இருக்கா?" என்று சங்கத்துக்கு போன் போட்டுக் கொல்வார்கள். என் ஓட்டு தேதிக்கு.

ஒற்றெழுத்து

"14 வரை" என்றால் 14ஆம் தேதி போகலாமா, கூடாதா? இங்கே பாதிப் பேர் 14 காலையில் இன்ஜினைத் தட்டிவிடுவார்கள். சுவர் நோட்டீஸில் "மாலை 6 மணி வரை" என்று இருக்கிறது, பலகையில் இல்லை. முடிவைச் சொன்னால் தெளிவாகச் சொல்ல வேண்டும், அல்லது சொல்லவே கூடாது. நான் தொடக்கத்தையும் காரணத்தையும் வைப்பேன். முடிந்ததும் அழித்துவிட்டு "போகலாம்" என்று ஒரே சொல் எழுதுவேன்.

மதர்போர்டு_மணி

அழிக்கிறவர் ஊரில் இல்லாவிட்டால்?

பெயின்டர்_தங்கச்சிமடம்

இதற்கு ஏன் சண்டை. மிச்சம் 12 அங்குலம் இருக்கிறது என்றேனே, கீழே தேதியை 2 அங்குலத்தில் போடுங்கள்.

சீர்பிரிப்பவன்

அப்புறம் அது ஆறு சொல் இல்லை.

பலகைக்காரன்_பாம்பன்

இன்று எழுதியது இது, நாலு வரி பெரிதாக, கடைசி வரி சின்னதாக:

12 முதல்
தென்கடலுக்குப்
போகாதீர்கள்
பலத்த காற்று
(11ஆம் தேதி மாலை 4 மணிக்கு எழுதியது)

முடிவு நாளைச் சுவர் நோட்டீஸுக்கே விட்டுவிட்டேன். 15 காலையில் நான் அழிக்காவிட்டால் மணி அண்ணன் இங்கேயே வந்து திட்டலாம்.

தெற்குவாடி

பார்த்தேன். எழுத்து நல்லாத் தெரியுது. பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் "அப்ப வடகடலுக்குப் போகலாம்ல" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.